தட்டிலா, ஊசியிலா?

கொழும்பில் ஒரு கருவளச் சிகிச்சை ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தேன். இப்போது திருமலையில் ஒரு சிறிய லாப்பில் விந்துப் பரிசோதனை என் பொறுப்பு. இங்கே அறிக்கை வாங்குகிற பலர் அடுத்த கிழமையே கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் ஒரு சொல்லைக் கொண்டுவருகிறார்கள்: இக்சி. விந்தணுவை ஊசியால் எடுத்து முட்டைக்குள்ளேயே விடும் முறை. அது வேண்டுமா, வேண்டாமா என்பதை என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு தம்பதியை வைத்துச் சொன்னால் எளிது.

நிலாவெளிப் பக்கம் படகு இயந்திரம் திருத்துகிற தம்பி ஒருவர். மனைவிக்கு 33 வயது, இரண்டு கருக்குழாய்களும் அடைப்பு. ஆகவே முட்டையை வெளியே எடுத்து லாப்பில் கருவூட்டும் ஐ.வி.எஃப். தவிர்க்க முடியாதது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேள்வி, முட்டையையும் விந்தணுவையும் எப்படிச் சேர்ப்பது என்பது மட்டும்தான். அவருடைய முதல் அறிக்கையில் மில்லி லீட்டருக்கு 5 மில்லியன் விந்தணு, நேராக முன்னேறி நீந்துபவை 15 சதவீதம். அந்த ஒரு தாளைப் பார்த்தே ஓரிடத்தில், “இக்சி தான்” என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் கேட்ட முதல் கேள்வி காய்ச்சல் பற்றியது. ஐந்து கிழமைக்கு முன்னர் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். ஒரு விந்தணு விதையில் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் எடுக்கிறது. பிறகு அது வெளியே வரும் பாதையிலும் சில நாட்கள் செல்கின்றன. கடும் காய்ச்சல் அந்த வரிசையில் எங்கே அடித்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு எண்ணிக்கை விழுந்தே இருக்கும். ஆகவே அந்தத் தாள் அவருடைய வழமையான நிலையைச் சொல்லவில்லை, டெங்குவின் பின்விளைவைச் சொல்கிறது. “மூன்று மாதம் பொறுத்து இன்னொருக்கா தாங்கோ தம்பி” என்றேன்.

இரண்டாவது மாதிரி 2.2 மில்லி லீட்டர், எண்ணிக்கை 13 மில்லியன், முன்னேறி நீந்துபவை 27 சதவீதம், இயல்பான வடிவம் 3 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கீழ் எல்லையாகச் சொல்வது 16 மில்லியன், 30 சதவீதம், 4 சதவீதம். மூன்றிலும் கொஞ்சம் கீழேதான். ஆனால் இந்த எல்லைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பயம் குறையும். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எடுத்து, அவர்களில் மிகக் குறைவான ஐந்து சதவீதத்தினர் நிற்கிற இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் உண்டு என்பது அந்தக் கோட்டிலேயே அடங்கியிருக்கிறது. வடிவம் 3 சதவீதம் என்று பார்த்து அழுதவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கையேட்டின் கணக்கிலேயே இயல்பானவர்களிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வரை வடிவம் பிசகியிருக்கலாம். வடிவம் மட்டும் குறைவு என்பதற்காக இக்சிக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அறிக்கையை விட, விந்தைக் கழுவி நல்ல விந்தணுக்களைப் பிரித்தெடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே முக்கியம். குழாயின் அடியில் 80 சதவீதக் கரைசல், மேலே 40 சதவீதக் கரைசல், அதன்மேல் விந்து. மெதுவான சுழற்சியில், அதாவது 300 ஜி விசையில், இருபது நிமிடம் சுற்றினால் நன்றாக நீந்துபவை அடியில் சேரும். அழுக்கும் இறந்தவையும் மேலே தங்கிவிடும். கணக்குப்படி அந்தத் தம்பியின் முழு மாதிரியில் முன்னேறி நீந்துபவை 7.7 மில்லியன். கழுவியதும் ஏறக்குறைய 2.5 மில்லியன் கிடைத்தது. அடுத்த நாள் காலையிலும் அவற்றில் பாதிக்கு மேல் அசைந்துகொண்டிருந்தன. நான் வேலை பழகிய இடத்தில், கழுவிய பின் ஒரு மில்லியனுக்குக் கீழே போனால் இக்சி என்று வைத்திருந்தோம். எல்லா லாப்பிலும் அதே எல்லை இல்லை, ஒவ்வொரு இடமும் தன் முடிவுகளைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. 2.5 என்பது நடுவே நிற்கிற எண்.

சாதாரண முறையில் முட்டையைச் சுற்றியிருக்கிற திரள் கலங்களை நீக்குவதில்லை. கலங்களோடேயே தட்டில் வைத்து, மில்லி லீட்டருக்கு ஒரு லட்சம் அளவில் நீந்தும் விந்தணுக்களை விட்டு, இன்குபேட்டரில் இரவு முழுக்க விடுகிறோம். கலங்களின் ஊடாகப் போவதும், உறையைத் துளைப்பதும், முட்டையின் சவ்வோடு இணைவதும் விந்தணுவின் வேலை. இதில் உள்ள ஆபத்து, சில வேளை எதுவுமே பிடிக்காமல் போவது. அடுத்த நாள் காலை தட்டைப் பார்த்து ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை என்று ஃபோனில் சொல்ல வேண்டிய வேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அப்போது அதே முட்டைகளுக்கு அவசரமாக இக்சி செய்தாலும் முட்டை ஒரு நாள் முதிர்ந்துவிட்டதால் பலன் மிகக் குறைவு.

இக்சியில் திரள் கலங்களை ஹயலுரோனிடேஸ் நொதியத்தில் அரை நிமிடம்வரை வைத்து, மெல்லிய குழாயால் உறிஞ்சி விட்டு உரித்தெடுக்கிறோம். அப்போதுதான் எது முதிர்ந்த முட்டை என்று தெரியும். பக்கத்தில் துருவ உடல் என்ற சிறிய குமிழ் வந்திருந்தால் முதிர்ந்தது, வராவிட்டால் ஊசி போடுவதில்லை. எடுத்த முட்டைகளில் ஐந்தில் ஒன்று அளவு இப்படிக் கழிந்துபோவது சாதாரணம். பிறகு பி.வி.பி. என்ற பிசுபிசுப்பான திரவத்தில் விந்தணுவை மெதுவாக்கி, ஒன்றைத் தெரிவுசெய்து, ஊசி நுனியால் வாலை அழுத்தித் தேய்க்கிறோம். வால் அடிபட்டு அது அசைவை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் முட்டை கருவுறும் வாய்ப்புக் குறையும். முட்டையைப் பிடிகுழாயால் உறிஞ்சிப் பிடித்து, துருவ உடல் ஆறு மணியிலோ பன்னிரண்டு மணியிலோ நிற்கத் திருப்பி, மூன்று மணிப் பக்கத்தில் குத்துகிறோம். துருவ உடலுக்கு அருகேதான் தாயின் நிறப்புரிகள் பிணைந்திருக்கும், அதைக் கிழித்துவிடக்கூடாது. குத்தினால் மட்டும் போதாது. சவ்வு இழுபட்டு ஊசியோடேயே வரும், அதனால் சிறிது உறிஞ்சி சவ்வு உடைந்ததா என்று பார்த்த பிறகே விந்தணுவை விடவேண்டும். சில முட்டைகள் அந்த நேரமே சிதைந்துபோகும். நல்ல கையில் இருபதில் ஒன்று, அதற்கு மேலே போனால் கையிலோ ஊசியிலோ பிழை தேடவேண்டும்.

அந்தத் தம்பியின் மனைவி என்னிடம், “மிஸ், ஊசியால வைச்சா நூற்றுக்கு நூறு பிடிக்குமாம். பிறகு ஏன் மற்றதைச் செய்வான்?” என்று கேட்டார். நூற்றுக்கு நூறு இல்லை அக்கா என்றேன். ஊசி போட்ட முதிர்ந்த முட்டைகளில் மூன்றில் இரண்டு முதல் ஐந்தில் நான்கு வரை ஒழுங்காகக் கருவுற்றாலே திருப்தி. மற்ற முறையிலும் விந்தணு நன்றாக இருந்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஊசி ஒரு தடையை மட்டும் நீக்குகிறது: விந்தணு முட்டைக்குள் போவதிலுள்ள தடை. முட்டையின் வயதையோ கருவின் தரத்தையோ அது திருத்தாது.

இதை நான் என் அனுபவத்தில் மட்டும் வைத்துச் சொல்லவில்லை. வியட்நாமில், விந்தணு எண்ணிக்கையும் அசைவும் இயல்பாக இருந்த 1,064 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. இக்சியில் 35 சதவீதத்தினருக்கும் சாதாரண முறையில் 31 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவு. இன்னும் பொருத்தமானது சீனாவில் 2,387 தம்பதிகளில் செய்து 2024இல் வந்த ஆய்வு. அதில் ஆண்களுக்குக் கடுமையற்ற விந்துக் குறை இருந்தது, அந்தத் தம்பியைப் போலவே. இக்சியில் 33.8 சதவீதம், சாதாரண முறையில் 36.6 சதவீதம். குறை இலேசானதென்றால் ஊசியால் கூடுதல் நன்மை இல்லை என்பதே இதன் பொருள். ஆனால் பில்லில் ஊசிக்குத் தனி வரி வரும். நிலாவெளியில் இருந்து போகிறவருக்கு அது சின்னக் காசு இல்லை.

சரி, கடைசியில் என்ன செய்தார்கள்? கழுவிய எண் நடுவே நின்றதால், முட்டைகள் போதியளவு வந்தால் பாதியைத் தட்டிலும் பாதியை ஊசியிலுமாகப் பிரித்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். கொழும்பு டொக்டரும் ஒத்துக்கொண்டார். பன்னிரண்டு முட்டைகள் வந்தன. ஆறு முட்டைகள் விந்தணுக்களோடு தட்டுக்குப் போயின. மற்ற ஆறையும் உரித்தபோது ஐந்துதான் முதிர்ந்திருந்தன, அந்த ஐந்துக்கும் ஊசி. பதினேழு மணி நேரம் கழித்துப் பார்ப்பது இரண்டு சிறு வட்டங்களை, தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று. ஊசிப் பக்கம் நான்கு முட்டைகளில் இரண்டிரண்டு வட்டங்கள், ஒன்று சிதைந்திருந்தது. தட்டுப் பக்கமும் நான்கு முட்டைகளில் இரண்டிரண்டு வட்டங்கள். ஒன்று கருவுறவில்லை, இன்னொன்றில் மூன்று வட்டங்கள் இருந்தன. இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் மூன்று வரும், அதைக் கழிக்கவேண்டும். ஆக நான்குக்கு நான்கு. இந்தப் பிரிப்பின் உண்மையான பயன் அடுத்த சுற்றுக்குத்தான். தட்டில் கருவுறும் என்று இப்போது தெரிந்துவிட்டது, இனி முழுவதற்கும் ஊசிக்காசு கட்டவேண்டியதில்லை. தட்டுப் பக்கம் பூச்சியமாக வந்திருந்தால் அதுவே இனிமேல் இக்சி செய்வதற்கான நல்ல காரணமாகியிருக்கும்.

இதை வாசித்துவிட்டு இக்சியே வேண்டாம் என்று யாரும் எடுத்துவிடக்கூடாது. 1992இல் பிரஸ்ஸல்ஸில் அம்முறையில் பிறந்த முதல் குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அதுவரை வழியே இல்லாதிருந்த ஆண்களுக்கு வழி திறந்தது. எண்ணிக்கை ஒரு மில்லியனுக்கும் கீழே உள்ளவர்கள், விந்தணு ஒன்றுமே அசையாதவர்கள், முன்னைய சுற்றில் தட்டில் ஒன்றும் கருவுறாதவர்கள், வெளியேறும் விந்தில் விந்தணுவே இல்லாமல் விதையிலிருந்து ஊசியாலோ அறுவையாலோ எடுக்கவேண்டியவர்கள், இவர்களுக்குத் தட்டு முறையில் நேரம் வீணாக்கக் கூடாது. விதையிலிருந்து எடுத்த விந்தணு உறையைத் தானாகத் துளைக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களிடமும் இந்தக் கடைசிக் கூட்டத்தாரிடமும் நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்தீர்களா? எண்ணிக்கை 5 மில்லியனுக்குக் கீழே, காய்ச்சல் போன்ற காரணமும் இல்லை என்றால், நிறப்புரிப் படமும் வை நிறப்புரியில் துண்டுகள் இழந்திருக்கின்றனவா என்ற பரிசோதனையும் வேண்டும். அந்த நிறப்புரியின் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லாவிட்டால் விதையைத் திறந்து தேடியும் விந்தணு கிடைக்காது, அறுவைக்கே போகவேண்டாம். சி பகுதி மட்டும் இல்லையென்றால் சிலரிடம் கிடைக்கும், இக்சியில் குழந்தையும் வரலாம். ஆனால் மகன் பிறந்தால் அவனுக்கும் அதே குறை போகும். இந்தச் செய்தியைச் சொன்னதும் சிலர் யோசித்துவிட்டு முன்னே போகிறார்கள், சிலர் வேறு வழி பார்க்கிறார்கள். இரண்டும் அவரவர் முடிவு. ஆனால் முட்டை எடுக்கும் நாளுக்கு முன்னரே அது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.