சொன்னது டூ ஃபிஃப்டீன், கேட்டது டூ ஃபிஃப்டி

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். மெயிலில் எனக்கு ஒரு தப்பும் வராது. போனில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன சீசனில் 8,000 பீஸ் டீ-ஷர்ட். அமெரிக்க பையர் ஆபீஸ் அம்மா மீட்டிங்குக்குள் போகிற அவசரத்தில் விலை கேட்டார். பீஸுக்கு 2.15 டாலர். "டூ ஃபிஃப்டீன்" என்றேன். "ஓகே?" என்றேன். "ஓகே" என்றார். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மெயில் வருகிறது: 2.50 எங்களுக்குக் கட்டுப்படியாகாது, வேறு இடத்தில் பார்க்கிறோம். ஒரு சென்ட்டுக்கு ஒரு மணி நேரம் பேரம் நடக்கிற தொழிலில் 35 சென்ட் ஏற்றிக் கேட்டவனாக ஆகிவிட்டேன். முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது. கெஞ்சி ஆர்டரைத் திரும்பப் பிடித்தோம், ஆனால் ஷிப்மென்ட் தேதியைப் பத்து நாள் முன்னால் இழுத்துவிட்டார்கள்.

எங்கள் ஷிப்பிங் செக்‌ஷன் அக்கா முன்னாடி கால் சென்டரில் இருந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, 'நான் வந்தேன்'னு வேகமா சொல்லு" என்றார். சொன்னேன். "கடைசி 'ன்' எங்க போச்சு?" அப்போதுதான் கவனித்தேன். பேச்சில் நாம் அந்த 'ன்'னை நாக்கால் முடிப்பதே இல்லை, மூக்கோடு விட்டுவிடுகிறோம். அதே பழக்கத்தில் ஃபிஃப்டீனைச் சொன்னால் எதிராளிக்கு ஃபிஃப்டி மாதிரிதான் விழும். போன் லைனில் கேட்கவே வேண்டாம்.

அக்கா வைத்தியம்: 'டீ'யை நன்றாக நீட்டு, 'ன்'னுக்கு நாக்கு மேலே ஒட்டி நிற்கட்டும். 'டீ' சொல்லும்போது வாய்க்கு முன்னால் பிடித்த காகிதம் ஆட வேண்டும். நம் 'ட'வில் அந்தக் காற்று இருக்காது. ஃபிஃப்டியில் முதல் பாதிக்கு அழுத்தம், 'டி' குட்டையாக முடிந்துவிடும்.

அழுத்தத்தை மட்டும் நம்பினால் போச்சு. தனியாகச் சொல்லும்போது ஃபிஃப்டீனில் அழுத்தம் கடைசியில் விழும். ஆனால் 'ஃபிஃப்டீன் பீசஸ்' என்று அடுத்த சொல்லோடு சேர்த்தாலோ, தர்ட்டீன், ஃபோர்ட்டீன் என்று வரிசையாக எண்ணினாலோ வெள்ளைக்காரர்களே அழுத்தத்தை முன்னால் நகர்த்திவிடுகிறார்கள். அதனால் அவர்களே கையாளும் வழிதான் பத்திரம்: "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்". விலை என்றால் "டூ டாலர்ஸ் அண்ட் ஃபிஃப்டீன் சென்ட்ஸ், டூ பாயின்ட் ஒன் ஃபைவ்". நீளம்தான், பரவாயில்லை.

அடுத்த அடி கூரியரில். சாம்பிள் பார்சலுக்கு நம் நம்பரைக் கொடுக்கும்போது கடைசி நான்கு எண் 4477ஐ "டபுள் ஃபோர், டபுள் செவன்" என்றேன். லண்டன்காரர்களுக்கு இது சகஜம். அமெரிக்கப் பெண் "டபுள் வாட்?" என்றார், பிறகு 47 என்று மட்டும் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது, போன் வரவே இல்லை. அவர்கள் காது பத்து எண்ணை மூன்று, மூன்று, நான்காகக் கேட்டுப் பழகியது. நாம் ஐந்து ஐந்தாகப் பிரித்தால் எழுதுகிற கை தடுமாறுகிறது. இப்போது ஒவ்வோர் எண்ணாக, அவர்கள் கணக்கில் நிறுத்திச் சொல்கிறேன்.

தேதிக்கு வருகிறேன். 04/05 நமக்கு மே 4, அவர்களுக்கு ஏப்ரல் 5. அதனால் மாதத்தைப் பெயராகவே சொல்ல வேண்டும். அப்படியும் தர்ட்டீன்த், தர்ட்டியெத் இடிக்கும். கிழமையைச் சேர்த்துவிடுங்கள். 13க்கும் 30க்கும் 17 நாள் இடைவெளி, எந்த மாதத்திலும் ஒரே கிழமை வராது. தப்பாகக் காதில் விழுந்தால் காலண்டரைப் பார்க்கும்போதே அவர்களுக்கு உதைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், "ஓகே?" என்று கேட்காதீர்கள். தப்பாகக் கேட்டவரும் ஓகேதான் சொல்வார். "குட் யூ ரீட் தட் பேக்?" என்று கேளுங்கள். போன வாரம் 14 கார்ட்டன் என்று சொல்லிவிட்டு அப்படிக் கேட்டேன். "ஃபோர் ஜீரோ கார்ட்டன்ஸ்" என்று படித்தார். "நோ மேடம், ஒன் ஃபோர்." பக்கத்து மேஜையில் அக்கா சிரிப்பது கேட்டது. 'ன்'னை மறுபடியும் முழுங்கியிருக்கிறேன்.