காய்ச்சல் மாத்திரையும் சென்சார் கணக்கும்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 5, 2024

ராத்திரி பதினொரு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து போன். பிளஸ் டூ படிக்கும் பையன், டைப் 1 சர்க்கரை நோய். தோலில் ஒட்டிய சர்க்கரை சென்சாரும் இன்சுலின் பம்பும் சேர்ந்து, சென்சார் எண்ணைப் பார்த்து பம்பே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மோடில் ஓடுகிறது. “மேடம், ஒன்பது மணிக்கு 112 இருந்துச்சு. இப்ப 198. ஏழரைக்குக் குடிச்ச கஞ்சிக்கு அப்புறம் எதுவுமே சாப்பிடலை. காய்ச்சல்னால ஏறுதா?”

காய்ச்சலில் சர்க்கரை உண்மையாகவே ஏறும். அதனால்தான் இந்த எண் யாரையும் நம்பவைத்துவிடுகிறது. நான் இரண்டு கேள்வி கேட்டேன். மாத்திரை கொடுத்தீர்களா? டோலோ 650, அதாவது பாராசிட்டமால், ஒன்பது மணிக்கு. விரலில் குத்திப் பார்த்தீர்களா? இல்லை.

“கையை சோப்பு போட்டுக் கழுவி, நல்லா துடைச்சிட்டு குத்துங்க அக்கா. நான் லைன்லயே இருக்கேன்.” குளுக்கோமீட்டரில் 126. சென்சார் 72 கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அதைவிட முக்கியம், ஏறுவதாக நம்பிய பம்ப் அதற்குள் என்ன செய்திருக்கிறது என்பது. ஹிஸ்டரியைப் பார்க்கச் சொன்னேன். பத்து மணியிலிருந்து கரெக்‌ஷனாக மட்டும் 1.4 யூனிட் போயிருந்தது. இந்தப் பையனுக்கு ஒரு யூனிட் சுமார் 50 இறக்கும். இல்லாத சர்க்கரைக்குப் போன இந்த இன்சுலின் முழுதாக வேலை செய்தால் 126 என்பது 56 ஆகிவிடும். மேனுவல் மோடுக்கு மாற்றவைத்து, நாலு மாரி பிஸ்கட் கொடுக்கச் சொன்னேன். டாக்டருக்கும் தகவல் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு விரலில் 98, சென்சாரில் 163. மூன்று மணிக்கு 102, 118. கூடுதலாகப் போன இன்சுலின் பெரும்பாலும் வேலை செய்து முடித்திருந்தது. அதன் பிறகுதான் அந்த அம்மாவைத் தூங்கச் சொன்னேன்.

நவம்பர் 6

ஏன் இப்படி என்று அந்த அம்மா காலையில் கேட்டார். சென்சார் சர்க்கரையை நேராக எண்ணுவதில்லை. தோலுக்கடியில் இருக்கும் கம்பியில் ஒரு நொதி பூசியிருக்கிறது. குளுக்கோஸ் அதில் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அந்தப் பெராக்சைடு எலக்ட்ரோடில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும்போது வரும் மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. பாராசிட்டமாலும் அதே மின்னழுத்தத்தில் எலக்ட்ரானை விட்டுவிடும். எது எதிலிருந்து வந்தது என்று கம்பிக்குத் தெரியாது, இரண்டையும் சர்க்கரைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. விரலில் குத்தும் ஸ்ட்ரிப் வேறு அமைப்பு. வழக்கமான டோஸில் இந்த அளவு ஏமாறாது.

எல்லா சென்சாரும் இப்படி அல்ல. டெக்ஸ்காமின் ஜி4, ஜி5 இரண்டும் நன்றாகவே ஏமாறும். 2015-இல் வந்த ஓர் ஆய்வில் ஜி4 போட்டிருந்த 40 பேர் 1 கிராம் பாராசிட்டமால் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் சென்சாருக்கும் மீட்டருக்கும் சராசரி வித்தியாசம் 61. எட்டு மணி நேரம் வரை சென்சார் மேலேயே இருந்தது. ஜி6-இலிருந்து கம்பிக்கு மேல் மருந்தைத் தடுக்கும் ஒரு சவ்வு வந்தது. பெரியவர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் வரை எடுக்கலாம் என்று ஜி6, ஜி7 கையேடுகள் சொல்கின்றன, அதற்கு மேல் போனால் நம்பக்கூடாது. கார்டியன் வகை சென்சார்களின் கையேட்டில் பாராசிட்டமால் எச்சரிக்கை இன்றும் இருக்கிறது. லிப்ரே மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவதால் பாராசிட்டமால் அதைத் தொடுவதில்லை. ஆனால் காய்ச்சல் என்றாலே நம் வீடுகளில் லிம்சியும் சேர்ந்து வரும். அது ஒரு மாத்திரையே 500 மி.கி. வைட்டமின் சி. நாளுக்கு 500-ஐத் தாண்டினால் லிப்ரே 2 கூடுதலாகக் காட்டலாம்.

நவம்பர் 7

பையனுக்கு டெங்கு பாசிட்டிவ்.

பாராசிட்டமாலுக்குப் பதில் ஐபுப்ரொஃபென் கொடுங்கள் என்பது வெளிநாட்டுக் குறிப்புகளில் சாதாரணமாக வரும் யோசனை. மழைக்காலத்தில் இங்கே அது ஆகாது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும், ஐபுப்ரொஃபென் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். ஆகவே மாத்திரை மாறாது, சென்சாரை நம்புவதைத்தான் நிறுத்த வேண்டும். மேனுவல் மோட் தொடரட்டும், சாப்பாட்டு டோஸ் விரல் ரத்தத்தைப் பார்த்து மட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நவம்பர் 8

முதல் நாளில் அடையாளம் சுலபம். சாப்பிடாமலே, மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து கோடு ஏறுகிறது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம், பிறகு இன்சுலின் இல்லாமலே சரிகிறது. உண்மையில் அவ்வளவு ஏறியிருந்தால் வரும் தாகம், அடிக்கடி சிறுநீர் எதுவும் இல்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை போக ஆரம்பித்ததும் இந்த மேடு மறைந்துவிடும். ஒரு டோஸ் முழுதாக இறங்குவதற்குள் அடுத்தது ஏறுவதால் கோடு மொத்தமாக உயர்ந்து நிற்கும். பார்த்தால் கொஞ்சம் சுமாரான கன்ட்ரோல் போலத் தோன்றும், அவ்வளவுதான்.

இன்று மாலை நாலரைக்கு சென்சார் 128, யாரும் கவலைப்பட மாட்டார்கள். பையன் லேசாக வேர்க்கிறது என்றான். காய்ச்சல் விடுகிறது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். சொல்லி வைத்திருந்தபடி குத்திப் பார்த்ததில் 71. எனக்கு இந்தப் பக்கம்தான் அதிக பயம். போலியாக ஏறிய 198 நம்மைக் கூப்பிட்டுக் காட்டும். போலியான 128 பேசாமல் இருக்கும், 70-க்கு வைத்த அலாரமும் அடிக்காது.

“எப்பவும் 60 கழிச்சுக்கலாமா மேடம்?” கூடாது என்றேன். இதே பையனுக்கு ஒரே ராத்திரியில் வித்தியாசம் 72, 65, 16 என்று மாறியது. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்து அது நகர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, “இந்த 71-ஐப் பம்ப்ல போட்டு காலிபரேட் பண்ணவா?” அதுவும் வேண்டாம். இப்போது போட்டால், மருந்து சேர்த்த மின்னோட்டத்தையும் சேர்த்து 71 என்று சென்சார் படித்துக்கொள்ளும். மருந்து இறங்கிய பிறகு நிஜமான 130-ஐ எழுபது சொச்சம் என்று சொல்லும். இன்னொரு நாள் ஆட்டோ மோடில் இருந்தால், குறைகிறது என்று பம்ப் இன்சுலினை நிறுத்தும், காய்ச்சல்கார உடம்பில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் ஏற வழி திறக்கும். சில பம்புகள் பதிவு செய்யும் எந்த விரல் எண்ணையும் காலிபரேஷனாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் எண்களை நோட்டில் எழுதச் சொன்னேன்.

நவம்பர் 11

கடைசி டோலோ நேற்று இரவு பத்துக்கு. இன்று காலை எட்டுக்கு விரலில் 138, சென்சாரில் 141. பதினொன்றுக்கு 117, 122. இரண்டு முறை ஒத்துப்போனதும் டாக்டரிடம் கேட்டு ஆட்டோவைத் திரும்பப் போட்டோம். தட்டணு எண்ணிக்கைக்கு நாளையும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 19

வேறொருவர், பல் பிடுங்கியவர். இவரும் அதே வகை சென்சார். “பாராசிட்டமால் எதுவும் போடலைங்க, கோம்பிஃபிளாம் மட்டும்தான்” என்றார். அட்டையைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். ஐபுப்ரொஃபென் 400, பாராசிட்டமால் 325. ஜிரோடால்-பி, அல்ட்ராசெட், சாரிடான், சளிக்கான பல மாத்திரைகள் என எல்லாவற்றுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வலிக்கு ஏற்றும் சின்ன பாட்டில் டிரிப்பிலும் பெரும்பாலும் 1 கிராம் அதுவேதான். அட்மிஷன் ஆகிறவர்கள் நர்ஸிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று எங்கள் கவுன்சலிங் தாளில் இன்று ஒரு வரி சேர்த்தேன்.