ஒன்றாம் வகுப்பும் மஞ்சள் கையும்

அக்டோபர் 6, திங்கள்

சத்துணவுக்கு முன்னால் குழாயடியில் நின்று பார்த்தேன். தண்ணீரில் நனைத்து, சட்டையில் துடைத்தால் கை கழுவியாயிற்று. சோப்பு போடுகிற பிள்ளைகளும் உள்ளங்கையோடு சரி. 15ஆம் தேதி உலகக் கை கழுவும் நாள். அதற்குள் ஒரு பாட்டும் ஒரு படமும் வேண்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

சோப்போடு குறைந்தது 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். ஆறு வயதுக்கு விநாடி எண்ண வராது, பாட்டு வரும்.

உள்ளங்கை ரெண்டும் தேய்ப்போமா
கட்டை விரலைத் திருகுவோமா
நகத்தைக் கையில் சுரண்டுவோமா
விரலின் இடுக்கில் நுழைவோமா
புறங்கை மேலே போவோமா
மணிக்கட்டோடு முடிப்போமா

வழக்கமான அட்டைகளில் கட்டை விரலும் நகமும் கடைசியில் வரும். பிள்ளைகளின் பொறுமையோ பாதியிலேயே தீர்ந்துவிடும். அதனால் இரண்டையும் முன்னால் கொண்டுவந்தேன். எல்லா இடமும் தேய்படுகிறதா என்பதுதான் முக்கியம், வரிசை மாறினால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை, ஒரு கைக்கு ஒன்று. நிதானமாகப் பாடினால் அரை நிமிடம் ஆகிறது.

அக்டோபர் 9, வியாழன்

கடையில் வாங்கிய அட்டையில் கைகள் எதிரே நிற்பவருடையவை போல இருக்கின்றன. பிள்ளைகள் இடது எது வலது எது என்று முழிக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பின்னால் நின்று, தோளுக்கு மேலிருந்து அதன் கைகளைப் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன். தன் கை தனக்கு எப்படித் தெரியுமோ அப்படி. கட்டத்துக்கு ஒரு படம், ஒரே ஒரு அம்புக்குறி, ஒரு எண். எழுத்து வேண்டாம், பாட்டு இருக்கிறதே. பாலிதீன் உறை போட்டுக் குழாயடியில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டியாயிற்று.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றுதான் வேடிக்கை. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து இரண்டு கையிலும் பூசிக் காயவிட்டோம். அப்புறம் சோப்புக்கட்டி. சோப்பின் காரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் சிவப்பாக மாறியது. "டீச்சர், ரத்தம்!" என்று ஒரே கூச்சல். நுரையோடு கையை நீட்டச் சொன்னேன். சிவக்காத இடம் சோப்பு படாத இடம். பெரும்பாலும் நகக்கண்ணும் வலது கட்டை விரலும்தான் மஞ்சளாகவே இருந்தன. வலது விரலை இடக்கை அல்லவா திருக வேண்டும், அது சோம்பேறிக் கை.

அலசுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், தண்ணீர் பட்டால் மறுபடி மஞ்சள். திரவ சோப்பில் பெரும்பாலும் நிறம் மாறாது, கட்டி சோப்புதான் வேண்டும். கறை ஒன்றிரண்டு நாள் நிற்கும் என்று வீடுகளுக்குச் சொல்லியனுப்பினேன்.

அக்டோபர் 13, திங்கள்

பாட்டு பழகிவிட்டது. ஆனால் இருப்பது இரண்டு குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் சோறு ஆறிப்போகும். தண்ணீரும் வீண். நாளை முதல் நனைத்து, சோப்பு தடவி, குழாயை மூடிவிட்டுப் படத்தின் முன் வந்து நிற்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து பாடித் தேய்த்த பிறகு வரிசையாக அலசல். சோப்பு காணாமல் போகாமலிருக்க வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டியிருக்கிறேன்.