ஆறு காற்றாலைகளும் அறுபது லட்சமும்

பணகுடிப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ஆறு காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் நிறுவனத்தோடு அடுத்த ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் போட வேண்டிய நேரம் வந்தபோது, ஆலையின் கணக்கு மேலாளர் வரைவை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். "விலையெல்லாம் பேசி முடித்தாயிற்று அண்ணாச்சி. ஒரு பார்வை பார்த்துக் கொடுத்தால் போதும்" என்றார்.

பேசி முடித்தது முகப்பில் ஒரே பக்கத்தில் இருந்தது. ஆண்டுக் கட்டணம் 60 லட்சம் ரூபாய். அதற்குக் கீழே, பராமரிப்பு நிறுவனத்தின் தவறால் இழப்பு ஏற்பட்டால் அது ஏற்கும் பொறுப்பின் உச்சவரம்பு: "ஆண்டுக் கட்டணத்தில் 100 சதவீதம்."

மேலாளரைக் கேட்டேன், இதற்கு என்ன பொருள் என்று. "வருடத்துக்கு அறுபது லட்சம் வரை கொடுப்பார்கள்" என்றார். மறுநாள் எதிர்த்தரப்பின் சென்னை அலுவலகத்தில் ஒப்பந்தங்களைப் பார்ப்பவரைத் தொலைபேசியில் கேட்டேன். "ஐந்து வருடத்துக்கும் சேர்த்து அறுபது லட்சம் சார், அப்படித்தான் எல்லாருக்கும் போடுகிறோம்" என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. 'ஆண்டுக் கட்டணம்' என்று எழுதினால் எவ்வளவு தொகை என்பது மட்டுமே தெரியும். அந்தத் தொகை ஆண்டுதோறும் புதிதாகக் கிடைக்குமா, ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதானா என்று அது சொல்லாது. ஆனால் 'ஆண்டு' என்ற சொல் கண்ணில் பட்டதுமே, வரம்பும் ஆண்டு வரம்புதான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. இந்த மயக்கத்தை நான் வேறு பல ஒப்பந்தங்களிலும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இருந்த ஷரத்து இன்னும் வேடிக்கை. "ஒவ்வொரு கிளெய்முக்கும் ஒப்பந்ததாரரின் ஒட்டுமொத்தப் பொறுப்பு ஆண்டுக் கட்டணத்தை மிஞ்சாது" என்று இருந்தது. 'ஒட்டுமொத்தம்' ஓர் ஒப்பந்தத்திலிருந்தும், 'ஒவ்வொரு கிளெய்மும்' இன்னொன்றிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்தது. பின்னிணைப்பிலோ "ஒப்பந்தக் காலம் முழுவதற்கும்" என்று போட்டிருந்தார்கள். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று எங்குமே சொல்லவில்லை.

மேலாளருக்கு இதை விளக்க ஒரு கணக்குப் போட்டேன். ஒப்பந்தத்தின் முதல் கோடையைத் தாண்டிய சமயம், ஜூன் மாதம், ஒரு காற்றாலையில் கியர்பாக்ஸ் உடைகிறது; எண்ணெய் மாற்றாமல் விட்டதுதான் காரணம். இழப்பு 48 லட்சம். ஆகஸ்டில் இன்னொன்றின் மின்மாற்றி, சோதனை செய்யாததால் எரிகிறது, 35 லட்சம். இரண்டு வருடம் கழித்து ஒரு ஜெனரேட்டர் போகிறது, 40 லட்சம். ஆக மொத்தம் 1 கோடியே 23 லட்சம்.

காலம் முழுவதற்கும் ஒரே வரம்பு என்றால் ஆலைக்குக் கிடைப்பது 60 லட்சம். ஆகஸ்டு மாதமே அது தீர்ந்துவிடும்; ஜெனரேட்டருக்கு ஒரு காசு வராது. ஆண்டுக்கு ஒரு வரம்பு, முதல் இரண்டும் ஒரே ஆண்டில் விழுகின்றன என்றால் அந்த ஆண்டுக்கு 60, பிறகு 40, ஆக ஒரு கோடி. ஒவ்வொரு கிளெய்முக்கும் தனி வரம்பு என்றால் எதுவுமே அறுபதைத் தொடவில்லை. முழுத் தொகையும் வரும். அது மட்டுமல்ல, அந்த வாசகத்தில் பராமரிப்பு நிறுவனத்துக்கு மேல்வரம்பே கிடையாது. எத்தனை கிளெய்மோ அத்தனை அறுபது. தங்கள் வரைவில் தாங்களே இதை எழுதி வைத்திருந்தார்கள்.

"அப்படியானால் இதையே விட்டுவிடலாமே" என்றார் மேலாளர். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் குழப்பமான வாசகம் நமக்குச் சாதகமாகவே படிக்கப்படும் என்று நம்ப முடியாது. இங்கிலாந்தில் டிராக்ஸ் என்ற எரிசக்தி நிறுவனத்துக்கும் விப்ரோவுக்கும் நடந்த வழக்கில் 2023இல் வந்த தீர்ப்பு அப்படிப்பட்டது. முந்தைய பன்னிரண்டு மாதக் கட்டணத்தில் 150 சதவீதம் என்பது வரம்பு. ஒவ்வொரு கிளெய்முக்கும் தனித்தனி வரம்பு என்று வாதாடியது டிராக்ஸ். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரம்புதான் என்றது நீதிமன்றம். 31 மில்லியன் பவுண்டு கேட்ட இடத்தில் வரம்பு சுமார் 11.5 மில்லியனில் நின்றது. வாசகம் நன்றாக எழுதப்படாததால்தான் வரம்பு எது என்பதற்கே இரு தரப்பும் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது.

கிளெய்ம் என்பது எது என்பதும் தலைவலிதான். கியர்பாக்ஸ் உடைந்தது ஒன்று, அது சிதறிப் பிரேக்கைக் கெடுத்தது ஒன்று, உற்பத்தி நின்றது ஒன்று என்று மூன்றாக எண்ணலாம்; ஒரே காரணத்தின் விளைவுகள் என்று ஒன்றாகவும் எண்ணலாம். அதனால் கிளெய்ம் வாசகத்தைக் கைவிட்டு ஆண்டு வரம்புக்கு வந்தோம்.

வந்த பிறகுதான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் தலைகாட்டியது. ஆண்டு என்றால் எந்த ஆண்டு? ஒப்பந்தம் தொடங்குவது ஜூலை 1. இங்கே காற்றுக் காலம் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை. ஆனியும் ஆடியும்தான் உச்சம். ஒப்பந்த ஆண்டின் எல்லை சரியாகச் சீசனின் நடுவில் விழுகிறது. என் கணக்கில் ஜூன் கியர்பாக்ஸ் ஓர் ஆண்டு, ஆகஸ்டு மின்மாற்றி அடுத்த ஆண்டு. ஆண்டு வரம்பாக இருந்தும் முழுத் தொகையும் கிடைத்துவிடும். நிதியாண்டு என்று எழுதினால் இரண்டும் ஒரே ஆண்டு. 23 லட்சம் போய்விடும். கணக்கு எழுத வசதி என்று ஏப்ரல்–மார்ச் கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அதிலும் ஒரு முடிச்சு. காற்று பலமாக வீசும் நாட்களில் பெரிய கிரேனை வைத்துக் கியர்பாக்ஸைத் தூக்க முடியாது. ஜூன் 20இல் உடைந்தது காற்று தணியும் வரை நிற்கும். ஜூன் மாத உற்பத்தி இழப்பு ஓர் ஆண்டு, ஜூலை இழப்பு மறு ஆண்டு என்று ஒரே பழுதைப் பிளக்கலாம். நோட்டீஸ் ஜூலையில் போயிருந்து, அந்தத் தேதியை வைத்தால் முழுவதும் மறு ஆண்டுக்கே போய்விடும். எனவே, பழுது முதலில் நேர்ந்த நாள் எந்த ஆண்டில் வருகிறதோ, அதன் விளைவான எல்லா இழப்பும் அந்த ஆண்டின் வரம்பில் சேரும் என்று எழுதினேன்.

எதிர்த்தரப்பு கடைசியில் ஒரு திருத்தம் அனுப்பியது: வரம்பு "அந்த ஆண்டில் செலுத்தப்பட்ட கட்டணம்". பார்வைக்குச் சாதுவான வரி. ஆனால் பழுது வந்தால் ஆலை செய்யும் முதல் காரியம் காலாண்டுக் கட்டணத்தை நிறுத்தி வைப்பதுதான். இரண்டு காலாண்டை நிறுத்தினால் செலுத்தியது 30 லட்சம். வரம்பும் முப்பதுக்கு இறங்கிவிடும். அதைச் "செலுத்த வேண்டிய முழு ஆண்டுக் கட்டணம்" என்று மாற்றித் திருப்பி அனுப்பினேன்.

கடைசியில் முடிந்தது இப்படி: ஒப்பந்த ஆண்டு ஒன்றுக்கு 60 லட்சம், ஐந்தாண்டுக்கும் சேர்த்து 1 கோடியே 50 லட்சம், முகப்பும் பின்னிணைப்பும் ஷரத்தோடு முரண்பட்டால் ஷரத்தே செல்லும். மேலாளருக்குப் போட்ட கணக்கைத் தேதிகளோடு எழுதி ஓர் இணைப்பாகவும் சேர்த்தோம். சென்னைக்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார். உதாரணம் எல்லாம் ஒப்பந்தத்தில் வைப்பது வழக்கமில்லை என்றார். நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய பொறியாளர் அந்த இணைப்பில் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினார்: நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் தலா 60 லட்சம் இழப்பு வந்தால், மொத்த வரம்பில் மீதம் இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும் என்று. நியாயமான வரி. அப்படியே ஏற்றுக்கொண்டோம்.