கெடு முடிகிறதே என்று எழுதிய தேர்வு

2023 மார்ச் 28 அன்று யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1 எழுதினேன். என் அனுமதிச் சீட்டில் போட்டிருந்த கடைசி நாள் மார்ச் 31. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இருந்த மூன்று நாள்தான் நான் தோற்றதற்குக் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். படிப்பில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குறை தெரிந்தேதான் தேர்வறைக்குள் போனேன்.

அமெரிக்காவில் மருத்துவராக உரிமம் பெற எழுத வேண்டிய படிநிலைத் தேர்வு இது. ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே., ஸ்டெப் 3 என்று மூன்று கட்டம். விண்ணப்பிக்கும்போதே மூன்று மாத கால அளவு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குள் எந்த நாளில் இடம் இருக்கிறதோ அந்த நாளில் எழுதிக்கொள்ளலாம். தவறினால் அதை ஒட்டி வரும் மூன்று மாதத்துக்கு, தனிக் கட்டணம் கட்டி, ஒரே ஒருமுறை நீட்டிக்கலாம். அதுவும் போனால் கட்டிய பணம் போய்விடும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

நான் எடுத்திருந்தது 2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தேதி குறித்துவிட்டால் படிப்பு தானாக ஓடும் என்று நம்பி, தயாரிப்பு பாதிகூட முடியாதபோதே விண்ணப்பித்துவிட்டேன். டிசம்பரில் தயாராகவில்லை, மார்ச் 31 வரை நீட்டித்தேன். மார்ச் நடுவில் என்.பி.எம்.இ. மாதிரித் தேர்வு எழுதினால், தேர்ச்சி வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றுதான் காட்டியது. ஆயிரம் டாலருக்கு மேல் கட்டியிருக்கிறோமே, வீணாகலாமா என்று போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் யோசிக்கத் தவறியது ஒன்றுதான். தேர்வுக்கே போகாமல் கெடு தாண்டியிருந்தால் பணம் மட்டும்தான் போயிருக்கும், அது அட்டெம்ட்டாகக் கணக்கில் ஏறாது. ஆனால் தேர்வைத் தொடங்கிவிட்டால், பாதியில் எழுந்து வந்தாலும் அது ஒரு அட்டெம்ட். தோற்ற அட்டெம்ட் மதிப்பெண் ஆவணத்தில் நிரந்தரமாக நிற்கும். பணத்தை இன்னொரு வருடம் சம்பாதிக்கலாம், அந்த வரியை எப்படி அழிப்பது?

ஏப்ரல் 26 அன்று முடிவு வந்தது. ஸ்டெப் 1 இப்போது மதிப்பெண் இல்லாத தேர்வு. தேர்ச்சி, தோல்வி இரண்டில் ஒன்றுதான் வரும். என் பி.டி.எஃப்.பில் தோல்வி என்று இருந்தது. தேர்ச்சிக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே என் இடத்தைக் காட்டும் ஒரு படமும் இருந்தது. அன்று அதைப் பார்க்கவே பிடிக்காமல் மூடிவைத்தேன். பத்து நாள் கழித்துத்தான் திறந்தேன்.

திறந்ததும் முதல் வேலையாக விதிகளை ஒரு தாளில் எழுதினேன். தோற்ற பயத்தில் எத்தனை வாய்ப்பு இருக்கிறது என்பதுகூடக் குழம்பிப் போயிருந்தது. ஒரு கட்டத்தை மொத்தம் நான்கு முறைதான் எழுதலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கூடாது. நான்காவது முறை எழுத வேண்டுமானால், முதல் முறையிலிருந்து குறைந்தது பன்னிரண்டு மாதமும், கடைசியாக எழுதியதிலிருந்து குறைந்தது ஆறு மாதமும் ஆகியிருக்க வேண்டும். என் தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்டிலும் டிசம்பர் 20 அன்றும் எழுதி இரண்டு முறையும் தோற்றால், நான்காவது 2024 ஜூன் 20க்கு முன்னால் முடியாது. அதிலும் தோற்றால் கதை முடிந்தது. ஆக, ஒன்று போய் மூன்று மிச்சம். இரண்டாவது முறைக்கு விதியில் எந்தக் காத்திருப்பும் இல்லை, எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்த தவறு செய்ய வழி திறந்திருந்தது அங்கேதான்.

அதே தாளில் இன்னொரு கடிகாரத்தையும் எழுதினேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்குச் சான்று தரும் இ.சி.எஃப்.எம்.ஜி., முதல் தேர்ச்சியிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தேவையான மற்றத் தேர்வையும் முடிக்கச் சொல்கிறது. இந்த ஏழு ஆண்டு எழுதிய நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் தேர்ச்சி பெற்ற தேர்விலிருந்துதான் ஓடும். தோற்ற அட்டெம்ட் அதைத் தொடங்கிவைப்பதில்லை. அன்றைக்கு என் கடிகாரம் ஓடவே இல்லை. எனக்கு இருந்த அவசரம் விதி தந்த அவசரமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? உரிமத்துக்கு முன் மருத்துவமனையில் பெற வேண்டிய பயிற்சியான ரெசிடென்சிக்கு விண்ணப்பங்கள் செப்டம்பர் கடைசியில் பயிற்சி மருத்துவமனைகளின் பார்வைக்குப் போகும், மார்ச்சில் இடம் தெரியும். 2023 செப்டம்பரில் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது என் திட்டம். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஜூலையில் ஸ்டெப் 1, அடுத்து உடனே ஸ்டெப் 2 சி.கே. என்று ஓட வேண்டும். நான் நம்பும் ஒரு சீனியர் அக்காவிடம் சொன்னேன்.

"ஜூலையில எழுதிடலாமாக்கா?"

"எழுதலாம்ப்பா. ஆனா ஒரு தோல்வியோட விண்ணப்பம் போட்டா காரணம் சொல்ல வழி இருக்கு. ரெண்டு தோல்வியோட போனா பல இடத்துல உன் பேரு திரையிலயே வராது. உனக்கு மிச்சம் மூணு இல்ல, ஒண்ணுன்னு நெனச்சுக்கோ."

அவர் சொன்னது சரி. நான்கு என்பது தேர்வு நடத்துபவர்களின் எல்லை. தோல்வி இருந்தால் விண்ணப்பத்தை வடிகட்டிவிடும் பயிற்சி இடங்கள் பல உண்டு. மாநில உரிமக் குழுக்கள் சிலவற்றுக்குச் சொந்த வரம்பும் உண்டு. அதனால் 2023 சுற்றைக் கைவிட்டு, 2024 செப்டம்பரை இலக்காக வைத்தேன். ஒரு வருடம் போகிறதே என்று அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஆனால் எடுத்த முடிவை மாற்றவில்லை.

இடையில் இன்னொரு யோசனையும் வந்தது. இந்த இரண்டு தேர்வையும் எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதால், முதலில் ஸ்டெப் 2 சி.கே.வை முடித்துவிட்டு வரலாமா? அதில் தேறினால் ஏழு ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், ஸ்டெப் 1 தோல்வியோ அப்படியே நிற்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் தோல்வி அறிக்கை. தேர்ச்சிக் கோட்டை ஒட்டிய மாணவரோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் நாம் தாழ்வா, சமமா, உயர்வா என்று அது காட்டும். அந்தப் பகுதி தேர்வில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதும் இருக்கும். எனக்கு உயிரியல் புள்ளியியலும் தாழ்வு, சுவாசம்-சிறுநீரகமும் தாழ்வு. முன்னது தேர்வில் 4 முதல் 6 விழுக்காடு, பின்னது 11 முதல் 15. புள்ளியியல் சூத்திரங்கள் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும் என்பதால் முதலில் அதை முடித்தேன். சிறுநீரகத்துக்கு ஆறு வாரம் ஒதுக்கினேன். அதற்கு மேல் அந்த அறிக்கையை நம்பவில்லை. எந்தப் பாடத்தில் தவறினேன் என்று அறிக்கை சொல்லும், ஏன் தவறினேன் என்று சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க மே கடைசியில் 200 கேள்வி கொண்ட மாதிரித் தேர்வு ஒன்று எழுதி, தவறிய 84 கேள்விகளையும் நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காரணம் மட்டும். பொருளே தெரியாதது 39. தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காதது 21. முதலில் சரியான விடையைக் குறித்துவிட்டுப் பிறகு மாற்றியது 15. நேரம் போதாமல் குத்துமதிப்பாகப் போட்டது 9. பாதிக்கு மேல், அதாவது 45 கேள்விகள், பாடப்புத்தகத்தைத் திரும்பப் படித்தால் தீராதவை. முதல் தோல்விக்கு முன்பும் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்: மதிப்பெண் குறைந்தால் மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவது.

கேள்வி எண்களையும் பக்கத்தில் எழுதியிருந்ததால் இன்னொன்று தெரிந்தது. சரியாகப் படிக்காத தவறுகள் பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியின் கடைசிப் பத்துக் கேள்விகளில் குவிந்திருந்தன. அன்று உண்மைத் தேர்வில் ஒரு பகுதிக்கு 60 நிமிடம், அதிகபட்சம் 40 கேள்வி. கேள்விக்கு ஒன்றரை நிமிடம். முதல் இருபதில் சில கேள்விகளுக்கு மூன்று நிமிடம் செலவழித்துவிட்டு, கடைசியில் விரட்டியடித்துக்கொண்டு படித்திருக்கிறேன். ஜூனிலிருந்து, அரை மணி நேரத்தில் இருபதாவது கேள்வியைத் தாண்டாவிட்டால் கையில் இருப்பதற்கு ஒரு விடையைக் குறித்துவிட்டு நகர்வது என்று பழக்கினேன். விடை மாற்றுவதற்கும் ஒரு நிபந்தனை: கேள்வியில் நான் முதலில் கவனிக்காத ஒரு சொல்லைக் காட்ட முடிந்தால் மட்டும் மாற்றலாம். மனசு சரியில்லை என்பதற்காக மாற்றக் கூடாது.

கெடுவை இந்த முறை தலைகீழாக வைத்தேன். மாதிரித் தேர்வில் எண்கள் ஏறத் தொடங்கும்வரை விண்ணப்பிக்கவே இல்லை. ஆகஸ்டில்தான், அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையுள்ள காலத்தைக் கேட்டு விண்ணப்பித்தேன். தேர்வுத் தேதியைக் கடைசியில் தள்ளாமல் அக்டோபர் 10 என்று முன்னாலேயே குறித்தேன். தேவைப்பட்டால் பின்னால் நகர இரண்டரை மாதம் இருக்கும், நீட்டிப்பும் கை படாமல் இருக்கும். வெவ்வேறு வாரங்களில் எழுதும் இரண்டு மாதிரித் தேர்வுகள் தேர்ச்சி வாய்ப்பை 95 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மட்டுமே போவது, ஒன்று காட்டினால் போதாது என்று அதே தாளின் அடியில் எழுதிவைத்தேன். மார்ச்சில் இப்படி ஒரு எண்ணை முன்கூட்டி எழுதிவைக்காததால்தான் பாதிக்குப் பாதியைக்கூட "பரவாயில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

செப்டம்பர் முதல் வாரத் தேர்வு அந்த எண்ணைத் தாண்டியது. மூன்றாம் வாரத்தில் தாண்டவில்லை. தேதியை நவம்பர் 7க்கு மாற்றினேன். தேர்வு நெருங்க நெருங்க மாற்றுக் கட்டணம் கூடும், அதனால் தாமதிக்கவில்லை. தேதியை மாற்றிய அன்று பயமாக இருந்தது, மறுபடியும் பழையபடி தள்ளிப்போடுகிறேனோ என்று. ஆனால் நோட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது: இந்த முறை தவறியவற்றில் பெரும்பாலானவை சிறுநீரகத்தின் அமில-காரச் சமநிலையைச் சுற்றியே இருந்தன. படிக்க வேண்டியது என்ன என்று பெயர் சொல்ல முடிந்தது. டிசம்பரில் தள்ளிப்போட்டபோது அப்படி எதுவும் சொல்ல முடியவில்லை. அக்டோபரில் எழுதிய அடுத்த இரண்டும் எண்ணைத் தாண்டின.

நவம்பர் 7 எழுதினேன். அடுத்த மாதம் வந்த பி.டி.எஃப்.பில் தேர்ச்சி என்று இருந்தது. பழைய தாளை எடுத்து ஏழு ஆண்டுக் கடிகாரத்துக்கு எதிரே 2030 நவம்பர் என்று எழுதினேன். அதற்குக் கீழே ஸ்டெப் 2 சி.கே.வுக்கு 2024 மே முதல் ஜூலை வரை என்று குறித்து, தேர்வுத் தேதியை மே மாதத்தில் போட்டேன்.