வாங்கின புதுசில இப்படி இல்லையே

பெங்களூரு எஸ்பி ரோடு கடைக்கு அந்த அண்ணன் கொண்டுவந்த எஸ்எஸ்டி டிரைவில் பழுது இல்லை. அதை இன்றும் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது போதுமான பதில்தானா என்பதுதான் உறுத்துகிறது.

அவர் அல்சூரில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். டிரைவ் 1 டிபி, கியூஎல்சி ரகம், டிராம் இல்லாதது. ஒரு கல்யாணம் சுமார் 200 ஜிபி. "வாங்கின புதுசில ரெண்டு மூணு நிமிஷத்துல ஏறிடும் தம்பி. இப்போ பாதியில படுத்துக்குது, மாத்திக் கொடுங்க" என்றார்.

கடையிலேயே ஏற்றிப் பார்த்தோம். 100 ஜிபி வரை பறந்தது. அப்புறம் வேகம் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கி, மிச்சம் ஏற இருபது நிமிஷம் ஆனது.

டிராம் இல்லாததால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். டிராமில் இருப்பது எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை. சின்னச் சின்ன கோப்புகளைச் சிதறலாக எழுதும்போதுதான் அது இல்லாத குறை அதிகம் தெரியும். பெரிய வீடியோவை வரிசையாக எழுதும்போது இடிப்பது தரவைச் சேமித்து வைக்கும் செல்தான்.

கியூஎல்சி செல் ஒவ்வொன்றிலும் 4 பிட். அதற்கு 16 மின்னழுத்த நிலைகளைத் துல்லியமாகப் பிரிக்க வேண்டும், அதனால் எழுதுவது மெதுவாகிறது. வேகம் காட்ட, டிரைவ் காலியாக உள்ள செல்களில் முதலில் 1 பிட் மட்டும் எழுதி, பிறகு 4 பிட்டாக மடித்து வைக்கிறது. ஆக, காலி இடத்தில் அதிகபட்சம் கால் பங்குதான் வேகமான இடம். டிரைவ் காலியாக இருந்தபோது 250 ஜிபி வரை கிடைத்தது, ஒரு கல்யாணம் முழுசாக அடங்கியது. இப்போது 600 ஜிபி நிரம்பிவிட்டதால் 100 ஜிபிதான். அது தீர்ந்ததும் பழையதை மடித்துக்கொண்டே புதியதையும் எழுத வேண்டியிருக்கிறது.

டிரைவை அரைமணி நேரம் மின்சாரத்தோடு சும்மா விட்டுவிட்டு மறுபடி எழுதினோம். வேகம் திரும்பியது. பழுதான டிரைவ் பொதுவாக இப்படித் தேறாது.

"அப்போ பெட்டியில போட்டிருக்கிற வேகம் பொய்யா?"

"பொய் இல்லைண்ணே. அந்த முதல் பகுதிக்கு அது உண்மை."

சரியான பதில்தான். ஆனால் காலி இடம் குறையக் குறைய அந்த முதல் பகுதியும் சுருங்கும் என்று பெட்டியில் எங்கே இருக்கிறது? வேகத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் "வரை" என்ற ஒற்றைச் சொல்லில் அதை அவர் எப்படிப் படித்திருக்க முடியும்?

ஆயுள் பற்றியும் கேட்டார். டிரைவின் நிலையைப் பார்க்க `smartctl -a /dev/nvme0` போட்டேன். ஒரு வருஷத்தில் எழுதியது சுமார் 12 டிபி. வாரண்டி அனுமதிக்கும் மொத்த எழுத்து 200 டிபி, அப்படியென்றால் 6 சதவீதம். ஆனால் டிரைவே கணிக்கும் தேய்மானமான `Percentage Used` காட்டியது 9. கம்ப்யூட்டர் அனுப்பியதை மட்டும்தான் முதல் கணக்கு எண்ணுகிறது. மடித்து மறுபடி எழுதியது அதில் வராது, இடைவெளியில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும். இந்த வேகத்தில் தேய்ந்தாலும் பத்து வருஷம் தாங்கும், பயப்பட வேண்டாம் என்றேன்.

வாரண்டிக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் பழுதில்லை என்றுதான் திரும்பி வந்திருக்கும். ஒரு கல்யாணம் முழுசும் வேகமாக ஏற, ஏற்றும் முன் 800 ஜிபி காலியாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். 1 டிபிக்குக் காசு கொடுத்தவரிடம்.