டாலி கணக்கில் எனக்கு மைனஸ் வந்தது: ஒய்.எல்.எல். போடும்போது கவனிக்க வேண்டிய இடங்கள்

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் முதல் இன்டர்னல் தேர்வு. எபிடெமியாலஜி தாளில் பத்து மார்க்குக்கு ஒரு டாலி கணக்கு, அதாவது இறப்பாலும் நோயாலும் ஒரு சமூகம் இழக்கும் ஆண்டுகளை எண்ணும் கணக்கு. ஒரு வட்டத்தில் ஓராண்டில் சாலை விபத்தில் 40 பேரும் மாரடைப்பில் 100 பேரும் இறந்திருக்கிறார்கள். வயதுவாரியாக எண்ணிக்கையும், கீழே எந்த வயதில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று காட்டும் ஓர் ஆயுள் அட்டவணையும் கொடுத்து, எது பெரிய சுமை என்று கேட்டிருந்தார்கள். நான் வேகமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில், 85 முதல் 89 வயதுக்காரர்களுக்கு, கால்குலேட்டர் -1.48 என்று காட்டியது. இறந்தவர் ஒன்றரை ஆண்டைச் சம்பாதித்துவிட்டுப் போனார் என்று அர்த்தம். திரும்பப் பார்க்க நேரமில்லை. அதைப் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். பத்துக்கு மூன்று மார்க்.

அந்தக் கணக்கையே இங்கே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். இறப்பு எண்ணிக்கைகள் பயிற்சிக்காக வைத்தவை. ஆயுள் அட்டவணை மட்டும் நிஜம். 2010-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமை ஆய்வுக்காகத் தயாரித்தது.

முதலில் டாலி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு நோயால் ஒரு சமூகம் இழக்கும் ஆண்டுகள் இரண்டு வகை. சீக்கிரம் செத்துப்போனதால் வாழாமல் போன ஆண்டுகள் ஒய்.எல்.எல். உயிரோடு இருந்தும் நலமில்லாமல் கழித்த ஆண்டுகள் ஒய்.எல்.டி. இரண்டையும் கூட்டினால் டாலி. கிறிஸ்டோபர் மரேயும் ஆலன் லோபஸும் உருவாக்கிய இந்த அளவுகோல், உலக வங்கியின் 1993 வளர்ச்சி அறிக்கை மூலம்தான் பரவலாகத் தெரியவந்தது.

```
DALY = YLL + YLD
YLL  = N × L
```

N என்பது இறப்பு எண்ணிக்கை. L என்பது இறந்த வயதில் இன்னும் மிச்சமிருக்க வேண்டிய ஆயுள். நான் விழுந்தது இந்த L-இல்தான்.

அட்டவணையின் முதல் வரியில், பிறக்கும்போது 86.02 என்று இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், எல்லா வயதையும் அந்த 86.02-இலிருந்து கழித்தேன். இளநிலையில் படித்த பி.ஒய்.எல்.எல். பழக்கம் அது. அதில் 75 என்றோ 70 என்றோ ஒரு கோட்டை நாமே போட்டுக்கொண்டு, அதற்கு முன்னால் இறந்தவர்களுக்கு மட்டும் கழித்துப் பார்ப்போம். கோட்டைத் தாண்டியவர்களுக்குக் கணக்கே கிடையாது. அங்கே கழித்தல்தான் சரி. இங்கே தப்பு.

ஏன் தப்பு என்பதை ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்காதான் புரியவைத்தார். என் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, எண்பத்தேழு வயசு ஆள் உயிரோட உன் எதிர்ல உக்காந்திருக்கார். உன் கணக்குப்படி அவர் போன வருஷமே போயிருக்கணும். அவருக்கு இனிமே ஒரு நாள்கூடக் கிடையாதா?" 86.02 என்பது, குழந்தையிலேயே இறப்பவர், நாற்பதில் இறப்பவர், தொண்ணூறைத் தாண்டுபவர் எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி. எண்பத்தேழைத் தொட்டவர் முந்தைய ஆபத்துகளையெல்லாம் கடந்து வந்துவிட்டவர். அவருக்கு மிச்சம் எவ்வளவு என்பதை அந்த வயதுக்கான வரிசையில்தான் பார்க்க வேண்டும். 85 வயதுக்கு எதிரே 7.64 என்றும் 90-க்கு எதிரே 5.05 என்றும் அச்சிட்டே இருந்தது. நான் அந்தப் பக்கம் கண்ணையே திருப்பவில்லை.

இனி சரியான கணக்கு. 40 முதல் 44 வயதுப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் எல்லோரும் சரியாக 40-இல் இறந்திருக்க மாட்டார்கள், நடுவயது 42.5 என்று வைத்துக்கொள்கிறோம். அட்டவணையில் 42.5 இருக்காது. 40-க்கு 46.64, 45-க்கு 41.80. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 44.22. அதுதான் L. பலர் 40-க்கு எதிரே இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வோர் இறப்புக்கும் இரண்டரை ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் சேர்ந்துவிடும்.

அதே மாதிரி 20-க்கு 66.35, 25-க்கு 61.40 என்பதால் 22.5 வயதுக்கு 63.88. 70-க்கு 18.93, 75-க்கு 14.80 என்பதால் 72.5 வயதுக்கு 16.87. கடைசிப் பிரிவுக்கு, 87.5 வயதில், 6.35.

| வயது | L | விபத்து இறப்பு | விபத்து ஒய்.எல்.எல். | மாரடைப்பு இறப்பு | மாரடைப்பு ஒய்.எல்.எல். |
|---|---|---|---|---|---|
| 20–24 | 63.88 | 20 | 1277.5 | 1 | 63.9 |
| 40–44 | 44.22 | 12 | 530.6 | 19 | 840.2 |
| 70–74 | 16.87 | 6 | 101.2 | 50 | 843.3 |
| 85–89 | 6.35 | 2 | 12.7 | 30 | 190.4 |
| மொத்தம் | | 40 | 1922 | 100 | 1938 |

(பெருக்கும்போது L-ஐ மூன்று தசமம் வரை வைத்துக்கொண்டேன். இரண்டு தசமத்தோடு போட்டால் கடைசி இலக்கம் கொஞ்சம் நகரும். அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.)

விடையைப் பாருங்கள். நூறு இறப்பும் நாற்பது இறப்பும் ஏறக்குறைய ஒரே சுமை. ஓர் இறப்புக்கு எவ்வளவு என்று வகுத்தால், விபத்தில் 48 ஆண்டு, மாரடைப்பில் 19 ஆண்டு. இந்த வகுத்தலை ஓரத்தில் எப்போதும் போட்டுப் பாருங்கள். அந்த எண் உங்கள் அட்டவணையின் மிகச்சிறிய L-க்கும் மிகப்பெரிய L-க்கும் நடுவில் விழ வேண்டும். விழவில்லை என்றால் எங்கோ வரிசை மாறியிருக்கிறது.

என் தப்பான முறையில் என்ன வந்தது தெரியுமா? விபத்துக்கு 1874, மாரடைப்புக்கு 1566. விபத்தில் இரண்டரை சதவீதம்தான் குறைந்தது. மாரடைப்பிலோ 19 சதவீதம் காணாமல் போனது, ஏனென்றால் அதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு பிழை என்றால் ஒப்பீடாவது தப்பியிருக்கும். இது அப்படி இல்லை. வயதானவர்களைக் கொல்லும் நோயை மட்டும் பார்த்துக் குறைக்கிறது. "விபத்தே பெரிய சுமை" என்று நான் தைரியமாக எழுதிய வரியின் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு.

அடுத்து, பழைய கேள்வித்தாள்களில் '3% தள்ளுபடியுடன்' என்று ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது வருடம் கழித்து வரப்போகும் ஓர் ஆண்டை இன்றைய ஓர் ஆண்டைவிடக் குறைவாக மதிப்பது தள்ளுபடி. தொடக்க ஆய்வுகளில் இதோடு வயது எடையும் இருந்தது. இருபதுகளில் இருப்பவரின் ஓர் ஆண்டுக்குக் குழந்தையின் ஆண்டையும் கிழவரின் ஆண்டையும் விட அதிக மதிப்பு. 2010 ஆய்வில் இரண்டையும் தூக்கிவிட்டார்கள். கேள்வியில் DALY(3,1) என்று இருந்தால் இரண்டும் உண்டு, DALY(3,0) என்றால் தள்ளுபடி மட்டும், DALY(0,0) என்றால் எதுவும் வேண்டாம். தள்ளுபடி மட்டும் என்றால் சூத்திரம் இது:

```
YLL = (N / r) × (1 − e^(−rL))
```

r இடத்தில் 0.03 போடுங்கள். அவசரத்தில் 3 என்று போட்டால் எல்லா வயதுக்கும் ஓர் இறப்புக்கு 0.33 என்றே வரும். அதைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். சரியாகப் போட்டால் 22.5 வயதில் 63.88 ஆண்டு 28.43 ஆகச் சுருங்கும். 87.5 வயதில் 6.35 என்பது 5.78 ஆகும், அவ்வளவுதான். தூரத்து ஆண்டுகளைத்தான் தள்ளுபடி தின்கிறது, அந்த ஆண்டுகள் இருப்பது இளைஞர்களிடம். மொத்தமாகக் கூட்டினால் விபத்து 953, மாரடைப்பு 1329. அதே 140 பேர்தான். தள்ளுபடி இல்லாமல் சமமாக இருந்தது, தள்ளுபடி போட்டதும் மாரடைப்பு வெகுதூரம் முன்னால் போய்விட்டது. அதனால் விடையின் முதல் வரியிலேயே எந்த ஆயுள் அட்டவணை, தள்ளுபடி உண்டா, வயது எடை உண்டா என்று எழுதிவிடுங்கள். அது இல்லாத டாலி எண்ணை இன்னோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ஒய்.எல்.டி. பகுதியில் நான் அதிகம் தடுமாறவில்லை. இன்றைய முறையில் அந்த ஆண்டில் அந்தப் பாதிப்போடு வாழ்பவர்களின் எண்ணிக்கையை, அந்தப் பாதிப்பின் எடையால் பெருக்கினால் போதும். எடை 0 என்றால் முழு நலம், 1 என்றால் இறப்புக்குச் சமம். நம் வட்டத்தில் விபத்தில் ஒரு காலை இழந்து செயற்கைக் கால் இல்லாமல் 50 பேர் இருந்தால், எடை 0.173, ஆக 8.65 ஆண்டு. செயற்கைக் கால் பொருத்தி சிகிச்சை கிடைத்தவருக்கு எடை 0.039 தான். பழைய முறையில் அந்த ஆண்டில் புதிதாகக் கால் இழந்தவர்களை மட்டும் எடுத்து, இன்னும் எத்தனை ஆண்டு அப்படி வாழ்வார்கள் என்பதாலும் பெருக்குவார்கள். கேள்வியில் 'கால அளவு' கொடுத்திருந்தால் பழைய முறையைக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். விபத்துக்கு இந்த ஒரு பாதிப்பை மட்டும் சேர்த்தால் டாலி 1922 + 8.65, அதாவது சுமார் 1931.

வைவாவில் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். ஒன்று, நம் ஊர் ஆயுளை விட்டுவிட்டு எதற்கு 86? ஒவ்வொரு வயதிலும் உலகில் பதிவான மிகக் குறைந்த இறப்பு விகிதத்தை, ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நாடுகளிலிருந்து எடுத்துக் கோத்த அட்டவணை அது. உள்ளூர் ஆயுளைப் போட்டால், ஆயுள் குறைந்த ஏழை ஊரில் ஒருவர் இறப்பதற்குக் குறைந்த இழப்பு என்று கணக்கு சொல்லும். முன்பு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 82.5 என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள்; பிறகு இருவருக்கும் ஒன்றாக்கினார்கள்.

இன்னொன்றில்தான் எனக்கு வாய் அடைத்தது. "இந்த நூறு பேரும் மாரடைப்பில்தான் இறந்தார்கள் என்று உனக்கு யார் சொன்னது?" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதியிருந்தால் அது காரணமே இல்லை, எல்லோருக்கும் இதயம் நின்றுதான் உயிர் போகிறது. வீட்டில் இறந்த முதியவர்களுக்கு அப்படி எழுதுவது சகஜம். அந்த மாதிரிப் பதிவுகளைக் குப்பைக் குறியீடு என்று பிரித்து, வேறு காரணங்களுக்குப் பங்கிட்ட பிறகுதான் N-ஐ எடுக்க வேண்டும். சரியாகப் பதியாத ஊர்களில் குடும்பத்தாரிடம் அறிகுறிகளைக் கேட்டுக் காரணம் கண்டுபிடிக்கும் வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை செய்வார்கள். என் கணக்கில் 85 வயதுப் பிரிவின் 30 இறப்பில் பத்து தவறான பதிவு என்றால் 63 ஆண்டு குறையும். மாரடைப்பு 1874-க்கு இறங்கி, விபத்துக்குக் கீழே போய்விடும். அவர் அதை மேசைமேல் கிடந்த தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.